வீட்டுக்குக் காவல், வீட்டில் குடி

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பிரதான வீதியில், மாங்காட்டைத் தாண்டிக் களுதாவளைக்கு முன்னால் வருகிறது தேற்றாத்தீவு. கிழக்கே கடல், மேற்கே வாவி. இந்தப் பக்கத்தில் வீடு என்பது பெரும்பாலும் பெண்பிள்ளையின் சொத்து. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வளவும் பேசப்படும். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். அக்கரைப்பற்றில் பல காலம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளியான தமது நூலில் இந்தத் தாய்வழிச் சீதன வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். சீதனம் வாங்கிய மகள் குடும்பத்தோடு சுவிஸுக்கோ கனடாவுக்கோ போய்விட்டால் உறுதி அவள் பெயரில் இருக்கும், வீட்டில் ஆள் இருக்காது.

ஆள் இல்லாத வீடு இந்த உப்புக் காற்றில் நெடுநாள் நிற்காது. ஓட்டுக்குள் கறையான் ஏறும், கிணறு தூர்ந்துவிடும், தேங்காயை யாரோ பறித்துக்கொண்டு போவார்கள். ஆகவே ஒருவரைக் காவலுக்கு இருத்துகிறார்கள். அவர் அநேகமாகத் தூரத்துச் சொந்தமாக இருப்பார். புருஷனை இழந்தவராக, இருக்க இடமில்லாதவராக இருப்பார். “நீ இரு, வளவைப் பாத்துக்கொள்” என்று சொல்லித் திறப்பைக் கையில் கொடுப்பார்கள். கடதாசி எழுதுவதில்லை. சொந்தத்துக்குள் கடதாசி கேட்பது மரியாதைக் குறைவு என்று இரு பக்கமும் நினைக்கும். பதினைந்து வருடம் கழித்து அந்தச் சொந்தமே நீதிமன்றப் படியில் எதிரெதிரே நிற்கும்போது முதலில் எழும் கேள்வி, அன்றைக்குக் கொடுத்தது என்ன என்பதுதான். வேலையோடு சேர்ந்த இருப்பிடமா, வாடகைக் குடியா?

இந்தப் பகுதியில் பல வீடுகளில் நடப்பவற்றைச் சேர்த்து, விளக்கத்துக்காக நானே ஓர் உதாரணத்தை அமைத்துக்கொள்கிறேன். குறிப்பிட்ட எவருடைய கதையும் அல்ல இது. ஓர் அக்கா 2006இல் வெளிநாடு போனார். 2009இல் தமது சீதன வீட்டில் ஒன்றுவிட்ட தங்கை ஒருவரையும் அவருடைய மகனையும் இருத்தினார். மாதம் 8,000 ரூபாய் அனுப்புவதாகப் பேச்சு. முற்றம் கூட்டுவது, இரவில் விளக்குப் போடுவது, தேங்காய் பறிப்பித்து விற்ற காசைக் கணக்கு வைப்பது தங்கையின் பொறுப்பு. 2014இல் அக்கா காசு அனுப்புவதை நிறுத்திவிட்டார்; அதற்குப் பதிலாகத் தேங்காய்க் காசைத் தங்கையே எடுத்துக்கொள்ளட்டும் என்று தொலைபேசியில் சொன்னார். 2019இல் தங்கையின் மகன் பின்பக்கம் ஓர் அறை கட்டினான். 2024இல் அக்கா வந்து, வீட்டை விற்கப்போகிறேன், ஒழிந்து தாருங்கள் என்கிறார். “பதினைந்து வருஷம் இருந்திட்டம், இது இப்ப எங்கட வீடு” என்கிறான் மகன். “வாடகைக்கு இருக்கிறவங்களயே சும்மா எழுப்பேலாது, எங்கள எப்படி எழுப்புவ?” என்கிறார் தங்கை. ஒரே வீட்டுக்குள்ளிருந்து வரும் இந்த இரண்டு வாதங்களையும் சட்டம் வேறு வேறு இடத்தில் வைத்துப் பார்க்கிறது.

தங்கையின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இலங்கையில் மாத வாடகைக்கு எழுத்து தேவையில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் காணி விற்பனை, ஈடு, நீண்ட குத்தகை எல்லாவற்றையும் நொத்தாரிசு முன் எழுதவேண்டும் என்கிறது. ஆனால் ஒரு மாதத்துக்கு மேற்படாத குத்தகைக்கு விலக்குக் கொடுக்கிறது. வாய்ப்பேச்சில் தொடங்கி மாதாமாதம் புதுப்பிக்கப்பட்டு இருபது வருடம் ஓடும் வாடகைக் குடி இந்த விலக்கின் நிழலில்தான் நிற்கிறது. எனவே கடதாசி இல்லை என்பதால் மட்டும் தங்கை வாடகைக்காரர் அல்லர் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் வாடகைக் குடி என்றால் வாடகை இருக்கவேண்டும். இலங்கையின் பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டத்தில் வாடகை நிச்சயமான தொகையாக, பணமாகவோ நிலத்தின் விளைவாகவோ இருக்கவேண்டும். உழைப்பை வாடகையாக எண்ணுவதில்லை. “நான் கூட்டிப் பெருக்கினதுதான் என்ர வாடகை” என்ற பேச்சில் நியாயம் இருக்கலாம், ஆனால் அதனால் வாடகைக் குடி பிறக்காது. நம் உதாரணத்தில் காசு ஓடிய திசையைப் பாருங்கள். அக்காவிடமிருந்து தங்கைக்குப் போயிருக்கிறது. தங்கையிடமிருந்து அக்காவுக்கு ஒரு சதமும் போகவில்லை. 2014க்குப் பிறகு தேங்காய்க் காசும் அதே திசையில்தான் போகிறது, கூலியின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. இப்படிப்பட்ட வழக்குகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான்: மாதக் காசு யாரிடமிருந்து யாருக்குப் போனது?

காசின் திசை ஒருமுறை திரும்பினால் எல்லாமே மாறும். அக்காவின் தம்பி ஊரில் இருந்துகொண்டு, 2016 முதல் தங்கையிடம் மாதம் 3,000 ரூபாய் வாங்கிப் பற்றுச்சீட்டில் “வீட்டு வாடகை” என்று எழுதிக் கொடுத்திருந்தால், அக்காவுக்கும் அது தெரிந்திருந்தால், தங்கை காவலாளாக உள்ளே வந்தவராக இருந்தும் வாடகைக்காரராக மாறியிருக்கக்கூடும். அப்போது அவரை எழுப்ப, மாத முடிவில் முடியும்படி ஒரு முழு மாத முன்னறிவித்தல் வேண்டும். வாடகைச் சட்டம் அந்த வீட்டுக்குப் பொருந்துமானால், அதாவது 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம், முன்னறிவித்தல் மட்டும் போதாது. சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றையும் காட்டவேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சொந்தக்காரர்கள் சிறு உதவி என்று நினைத்து வாங்கும் சில்லறைக் காசு இந்த விளைவைக் கொண்டுவரக்கூடும் என்பது உரித்தாளர்களில் பலருக்குத் தெரியாது.

இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் இதே கோட்டைச் சற்று வேறு விதமாக இழுத்தன. அங்கே கேள்வி, வேலையைச் செய்வதற்கு அந்த வீட்டில் இருப்பது அவசியமா என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வழக்குகளிலேயே வேரூன்றிய அளவுகோல் அது. வேலையைச் சரிவரச் செய்ய அங்கேதான் இருக்கவேண்டும் என்றால், அந்த இருப்பு எசமானின் இருப்பாகவே கருதப்படும். வேலைக்கு ஒரு சலுகையாக மட்டும் வீடு கிடைத்திருந்தால் வாடகைக் குடிக்கு இடமுண்டு. பிரபுக்கள் சபை 1985இல் ஸ்ட்ரீட் எதிர் மவுன்ட்ஃபோர்ட் வழக்கில், கடதாசிக்கு என்ன பெயர் சூட்டினாலும் தனி ஆட்சியும் வாடகையும் தவணையும் இருந்தால் அது குடிதான் என்று சொன்னபோதும், வேலைக்காக இருக்கும் இருப்பை விலக்காகவே வைத்தது. நம் தங்கையை அந்த அளவுகோலில் நிறுத்தினாலும் விடை மாறாது. வெளியே இருந்துகொண்டு இரவில் வீட்டுக்குக் காவல் இருக்க முடியாது.

வீட்டுக்குள்ளேயே தங்கி வேலை செய்யும் பெண்ணின் நிலை இன்னும் மெலிது. அவர் படுக்கும் அறை பல வீடுகளில் அறையே அல்ல. குசினியோடு ஒட்டிய இடம், பாய் விரிக்க இரவில் கிடைக்கும், பகலில் அரிசி மூட்டைக்குப் போய்விடும். தனியாகப் பூட்டித் திறக்க முடியாத இடத்தில் தனி ஆட்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை உணர்ந்துதான் சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2011இல் வீட்டுப் பணியாளர் பற்றிய 189ஆம் இலக்கச் சமவாயத்தோடு நிறைவேற்றிய 201ஆம் இலக்கப் பரிந்துரையில், தனி அறை வேண்டும், அதற்குப் பூட்டு வேண்டும், திறப்பு பணியாளரின் கையில் இருக்கவேண்டும் என்று எழுதியது. பூட்டும் திறப்பும் சிறிய விடயம் போலத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு உடைமாற்றும்போதும் தூங்கும்போதும் பாதுகாப்பாக இருப்பது அதில்தான் தங்கியிருக்கிறது.

இனி மகனின் வாதம். பத்து வருடம் இருந்தால் காணி சொந்தமாகிவிடும் என்ற நம்பிக்கை ஊரில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலிருந்து அரைகுறையாக இறங்கி வந்த நம்பிக்கை அது. பிரிவு பத்து வருடத்தைச் சொல்வது உண்மை. ஆனால் எப்படிப்பட்ட பத்து வருடம் என்பதையும் அதே மூச்சில் சொல்கிறது. உரித்தாளருக்கு எதிரான, அல்லது அவரைச் சாராத ஆட்சியாக அது இருக்கவேண்டும். வாடகை கொடுப்பது, விளைவில் பங்கு கொடுப்பது, சேவையோ கடமையோ செய்வது, இவற்றில் எதுவும் கலவாத ஆட்சியாக இருக்கவேண்டும். இவை ஒவ்வொன்றும் “இது இன்னொருவருடையது” என்று ஒத்துக்கொள்ளும் செயல்கள் என்பது சட்டத்தின் எண்ணம்.

அந்தப் பட்டியலில் வாடகையின் பக்கத்திலேயே சேவை வைக்கப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாடகைக்காரர் மாதாமாதம் காசு கொடுத்து உரித்தாளரை ஒத்துக்கொள்கிறார். காவலாள் காலையில் முற்றம் கூட்டி, இரவில் விளக்குப் போட்டு ஒத்துக்கொள்கிறார். தங்கை 2009 முதல் 2014 வரை கணக்கு எழுதிய கொப்பி ஒன்று இருந்தால், அதன் ஒவ்வொரு பக்கமும் மகனின் வாதத்துக்கு எதிரான சாட்சி. ஆக, பத்து வருடக் கணக்கைப் பொறுத்தவரை காவலாளும் வாடகைக்காரரும் ஒரே படியில் நிற்கிறார்கள். இருவருக்கும் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை.

தொடங்கவைக்க வழி உண்டா? உண்டு, ஆனால் கடினம். 1898இல் மதுவன்வெல எதிர் ஏக்னெலிகொட வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம் சொன்ன விதி இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: வாடகைக்காரராகவோ அனுமதியின் பேரிலோ உள்ளே விடப்பட்டவர், தாம் வேறு தகுதியில் இருக்கிறேன் என்பதை வெளிப்படையான செயலால் காட்டும்வரை, உள்ளே விடப்பட்ட அதே தகுதியில்தான் இருக்கிறார் என்று கொள்ளப்படும். 1903இல் நாகுதா மரிக்கார் எதிர் முகம்மது வழக்கில், முகவராகக் காணிக்குள் புகுந்தவர் ஆட்சியுரிமை கோரியபோது பிரிவிக் கவுன்சிலும் அதே வழியில் போனது. மனதுக்குள் “இது எங்களுடையது” என்று முடிவு செய்துகொள்வது போதாது. உரித்தாளரின் முகத்துக்கு நேரே, அவர் அறியும்படி, அவருடைய உரிமையை மறுக்கும் செயல் வேண்டும்; அதிலிருந்து பத்து வருடம் ஓடவேண்டும்.

நம் உதாரணத்தில் அப்படி ஏதும் நடந்ததா? வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பது வசிப்பைக் காட்டும், உரிமையை அல்ல. மின்சாரக் கட்டணம் செலுத்தியதும் அப்படியே; விளக்குப் போட்டவர் கட்டணம் கட்டுவது இயல்பு. 2019இல் கட்டிய அறை சற்றுக் கனமானது. ஆனால் அக்கா அதற்குச் சம்மதித்திருந்தால் அது எதிர்ப்புச் செயல் அல்ல. சம்மதிக்காமலே கட்டியிருந்தாலும் 2019இலிருந்து 2024க்கு ஐந்து வருடம்தான். அந்த அறை வேறொரு விதத்தில் தங்கைக்கு உதவலாம். உரித்தாளரின் சம்மதத்தோடு வளவை மேம்படுத்தியவர் செலவுக்கு இழப்பீடு கேட்க உரோம-டச்சுச் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே அறை வழியாக வீட்டைக் கேட்பதைவிட, அறைக்கான காசைக் கேட்பதே பலனுள்ள வழக்கு. அக்காவின் சம்மதத்தைக் காட்டும் ஒரு குறுஞ்செய்தி தொலைபேசியில் கிடந்தால், அதைப் பத்திரப்படுத்துவது பதினைந்து வருடக் கதையைவிடப் பெறுமதியானது.

அக்கா வெளிநாட்டில் இருந்தது இன்னொரு தடை. காணியை மீட்கும் உரிமை எழும் நேரத்தில் உரித்தாளர் கடல் கடந்து இருந்தால், அந்த இல்லாமை நீங்கும்வரை அவருக்கு எதிராகக் காலம் ஓடாது என்று அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. முப்பது வருட எதிர் ஆட்சி இருந்தால் மட்டுமே அந்தப் பாதுகாப்பு முடிகிறது. நாட்டில் இருக்கும்போதே எதிர் ஆட்சி தொடங்கி, பிறகு அவர் வெளிநாடு போனால் இந்தப் பாதுகாப்பு இல்லை. போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கென 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கியது. ஆனால் வழக்கை இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருந்தது. அகதியாய்த் திரிந்த மக்களுக்கு அந்த இரண்டு வருடம் மிகக் குறுகியது என்றே நான் நினைக்கிறேன்.

“உறுதியைக் காட்டு” என்று அக்காவிடம் கேட்கவும் தங்கைக்கு முடியாது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவு, வாடகைக்காரரையும் அனுமதியின் பேரில் உள்ளே வந்தவரையும் ஒன்றாகவே கட்டிப்போடுகிறது: உள்ளே விட்டவருக்கு அன்று இருந்த உரிமையை அவர்கள் மறுக்கக்கூடாது.

கடல் தாண்டினால் இதற்கு மிக நெருங்கிய வழக்கு கோவாவிலிருந்து வந்தது. அங்கேயும் சகோதரியின் வீடு, காவலுக்கு இருந்தவர் சகோதரர். கணவர் கடற்படையில் இருந்ததால் ஊர் ஊராகப் போகவேண்டியிருந்த சகோதரி, பணஜியில் இருந்த தமது வீட்டில் சகோதரரை இருக்கவிட்டார். பிறகு சகோதரரே ஆட்சியைக் கோரி வழக்குப் போட்டார்; கீழ் நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றன. 2012 மார்ச்சில் மரியா மார்கரிடா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. காவலாளோ பராமரிப்பாளரோ வேலையாளோ எத்தனை நீண்ட காலம் இருந்தாலும் அந்தச் சொத்தில் உரிமை பெறுவதில்லை, கேட்டவுடன் ஒப்படைக்கவேண்டும் என்றது. இலங்கை நீதிமன்றங்களைக் கட்டும் தீர்ப்பு அல்ல அது. என்றாலும் சகோதர உறவுக்குள் காவல் எப்படி வழக்காகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சித்திரத்தை நான் கண்டதில்லை.

இவ்வளவும் அக்காவின் பக்கமே சாய்கிறது. ஆனால் உரிமை இருப்பது ஒன்று, ஆளை எழுப்புவது வேறொன்று. அக்கா பொறுமையிழந்து, தங்கை சந்தைக்குப் போன நேரம் பூட்டை உடைத்துச் சாமான்களை வீதியில் எறிந்தால் என்ன ஆகும்? அமைதி குலையக்கூடிய காணிப் பிணக்குகளுக்கு 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. இந்தப் பக்கத்தவர்கள் அதற்காகக் களுவாஞ்சிகுடி நீதவான் நீதிமன்றத்துக்குப் போவார்கள். அங்கே உறுதியை ஆராய்வதில்லை. தகவல் தாக்கல் செய்யப்பட்ட நாளில் யார் ஆட்சியில் இருந்தார், அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பதையே சத்தியக் கடதாசிகளை வைத்து நீதிமன்றம் பார்க்கும். தங்கை அந்த இரண்டு மாதத்துக்குள் போய், தாம்தான் ஆட்சியில் இருந்ததாகக் காட்டினால், மீண்டும் உள்ளே போகக் கட்டளை கிடைக்கக்கூடும். உரிமையைத் தீர்ப்பது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. அக்காவின் சட்டத்தரணி, காவலாளின் ஆட்சி உரித்தாளரின் ஆட்சியே என்று வாதாடுவார். அந்த வாதம் வெல்லக் காவல் ஏற்பாட்டுக்குச் சான்று வேண்டும். வங்கிப் பணச் சீட்டு, கடிதம், தொலைபேசிச் செய்தி ஏதும் இல்லாமல் வாய்ப்பேச்சு மட்டும் இருந்தால், வீட்டில் அடுப்பெரித்துக்கொண்டிருந்தவரின் பக்கமே தராசு இறங்க வாய்ப்பு அதிகம்.

வேலை போன அன்றே வீட்டையும் விடாதவரைக் குற்றவாளியாக்கலாமா என்ற கேள்வி இந்த நாட்டில் மலையகத் தமிழர் மீதே முதலில் கூர்மையாகப் பாய்ந்தது. 1946இல் கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டம் கிராம விஸ்தரிப்புக்காக எடுக்கப்பட்டபோது, தொழிலாளர்களுக்கு வேலைநீக்க அறிவித்தலும் லயன் அறையை ஒழிந்து தரும்படி அறிவித்தலும் சேர்ந்தே வந்தன. அவர்கள் போகவில்லை. குற்றவியல் அத்துமீறல் என்று வழக்குத் தொடரப்பட்டது. அந்த வழக்குகளில் ஒன்று, முடிக்குரிய அரசு எதிர் செல்வநாயகம் என்ற பெயரில் (தந்தை செல்வா அல்ல, ஒரு தோட்டத் தொழிலாளி), 1950இல் பிரிவிக் கவுன்சில்வரை போனது. தீர்ப்பின் சாரம் இது: குற்றம் ஆகவேண்டுமென்றால் எரிச்சலூட்டுவதோ அச்சுறுத்துவதோ முதன்மை நோக்கமாக இருக்கவேண்டும். தமக்கு இருக்க உரிமை உண்டு என்று நேர்மையாக நம்பி இருப்பவர், அந்த நம்பிக்கை சட்டத்தில் தவறாகவே இருந்தாலும், தமது இருப்பு மற்றவருக்கு எரிச்சல் தரும் என்று தெரிந்திருந்தாலும், அதனால் மட்டும் குற்றவாளி ஆகமாட்டார்.

லயன் அறை அவருக்குச் சொந்தம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. வீட்டைவிட்டுப் போக மறுத்ததற்காக அவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது, எழுப்பவேண்டுமானால் குடியியல் வழக்குப் போடு என்பதே அதன் பலன். பின்னர் 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்பு விசேட ஏற்பாடுகள் சட்டம், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் தோட்டத் தொழிலாளியை லயனிலிருந்து வெளியேற்றக்கூடாது என்று எழுத்திலேயே வைத்தது. வாவிக்கரையில் ஒரு வளவைக் காத்திருக்கும் பெண்ணுக்கு அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. அவருக்கு இருப்பது பொதுச் சட்டம் தரும் நியாயமான அவகாசம். அது எத்தனை நாள் என்று எங்கும் எழுதப்படவில்லை.

அந்த நாட்களை எழுதிவைக்கலாம். நான் பார்த்தவரையில் இரு பக்கத்துக்கும் உதவிய கடதாசிகள் ஒரு பக்கத்துக்கு மேல் போனதில்லை. வீடு யாருடையது, உள்ளே வருபவர் எந்த வேலைக்காக வருகிறார், மாதம் என்ன கூலி, தேங்காய்க் காசு யாருக்கு, எந்த அறைகளை அவர் தனியாகப் பூட்டி வைக்கலாம், ஏதாவது கட்டுவதென்றால் யாரிடம் எழுத்தில் கேட்கவேண்டும் என்பவை முதலில் வரும். அதன்பின் பலரும் மறந்துவிடும் வரி வரும்: வேலை முடிந்தால் வீடு தேட எத்தனை மாதம், அந்த மாதங்களுக்குக் கூலி உண்டா. 201ஆம் இலக்கப் பரிந்துரையும் பாரதூரமான குற்றம் செய்யாத பணியாளருக்கு வேறு வேலையும் வேறு இருப்பிடமும் தேட நியாயமான அவகாசம் கேட்கிறது. வாடகைக்காரர் வீட்டை இழக்கும்போது வேலை அவரிடம் இருக்கும், அடுத்த வீட்டுக்கு முற்பணம் கொடுக்க அடுத்த மாதச் சம்பளம் வரும். தங்கைக்கு இரண்டும் ஒரே காலையில் போகும். அக்கா 2009இல் அந்த வரியில் மூன்று மாதம் என்று எழுதியிருந்தால், 2024இல் தங்கையின் மகன் “இது எங்கட வீடு” என்று சொல்லவேண்டிய தேவையே வந்திராது.